ஒரு மடிப்பின் கணக்கு

கிட்டாரின் ஐந்தாவது கம்பியை விரலால் பற்றி இழுத்து, விடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திப் பாருங்கள். கம்பி வில்லாக வளைந்திருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அங்கே வளைவே இல்லை. விரலிலிருந்து பிரிட்ஜ் வரை ஒரு நேர்கோடு, விரலிலிருந்து கழுத்தின் மறுமுனை வரை இன்னொரு நேர்கோடு. இரண்டும் விரல்நுனியில் ஒரு மடிப்பாகச் சந்திக்கின்றன. விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியை ஓரிடத்தில் மட்டும் பிடித்து இழுத்தால், அது எடுக்கக்கூடிய வடிவம் இந்தத் தட்டையான முக்கோணம்தான்.

விரலை எடுத்தவுடன் ஒலி பிறக்கிறது. அதில் 110 ஹெர்ட்ஸ் என்ற அடிப்படை அதிர்வெண் இருக்கும். அதோடு 220, 330, 440 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். இந்த மேல் சீரிசைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக வரும் என்பது, விரலை எடுப்பதற்கு முன்பே அந்த முக்கோணத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அதை அளந்து எடுக்கும் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

எண்களை முதலில் வைத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் 65 சென்டிமீட்டர்; செவ்வியல் கிட்டார்களில் வழக்கமாக உள்ள அளவு இது. பிரிட்ஜிலிருந்து 13 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது நீளத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கில், கம்பியை 3 மில்லிமீட்டர் உயர்த்தி விடுகிறோம்.

இரு முனையிலும் கட்டப்பட்ட கம்பி, தன் வடிவம் மாறாமல் மேலும் கீழும் ஆட வேண்டுமானால் சில வடிவங்களில் மட்டுமே ஆட முடியும். அவை சைன் அலைகள். முதல் வடிவத்தில் முழுக் கம்பியும் ஒரே வயிறாக எழும்பித் தாழும். இரண்டாவதில் நடுவே ஒரு கணு அசையாமல் நிற்க, இருபுறமும் இரண்டு வயிறுகள் எதிரெதிராக ஆடும். மூன்றாவதில் மூன்று வயிறு. n-ஆவது வடிவம், முதலாவதைப்போல n மடங்கு வேகமாக ஆடும். முக்கோணம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விட்ட கணத்தில் கம்பி செய்வது, இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு விகிதத்தில் ஒரே நேரத்தில் ஆடுவது.

இப்படிச் சொல்வது இன்று எளிது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே முக்கோணம் ஐரோப்பாவின் பெரிய கணித மூளைகளைப் பல ஆண்டுகள் சண்டையில் வைத்திருந்தது. அதிரும் கம்பியின் சமன்பாட்டை 1747-இல் எழுதிய டி’அலம்பேர், மடிப்புள்ள வடிவத்துக்குத் தன் சமன்பாடு பொருந்தாது என்று பிடிவாதமாக நின்றார். மடிப்பில் வளைவை எப்படி அளப்பது என்பது அவர் கேள்வி. கையால் வரையக்கூடிய எந்த வடிவத்திலிருந்தும் கம்பி தொடங்கலாம் என்றார் ஆய்லர். 1753-இல் டானியல் பெர்னூலி, எல்லா அதிர்வும் சைன் அலைகளின் கலவையே என்று சொன்னபோது மற்ற இருவருமே அதை ஏற்கவில்லை. வழவழப்பான அலைகளைக் கூட்டிக் கூர்மையான மடிப்பை எப்படி உண்டாக்க முடியும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். பெர்னூலியிடம் பொதுவான கருத்து இருந்தது. எந்த அலை எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும் வழி இல்லை. அந்த வழி ஃபூரியேயின் பெயரோடு பின்னால் நிலைபெற்றது. 1822-இல் வந்த அவர் நூலின் பொருள் கம்பியல்ல, வெப்பம் பரவுவது.

ஃபூரியேயின் வழி ஒரு வடிகட்டும் உத்தி. முக்கோணத்தில் மூன்றாவது சைன் வடிவம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் முக்கோணத்தின் உயரத்தை மூன்றாவது சைனின் உயரத்தால் பெருக்கி, முழு நீளத்துக்கும் கூட்ட வேண்டும். இரண்டு வெவ்வேறு சைன் வடிவங்களை இப்படிப் பெருக்கிக் கூட்டினால் மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை பூஜ்யமாகிவிடும். ஆகவே கலவையில் உள்ள மற்ற எல்லா சைன்களும் தானாக விலகி, மூன்றாவது மட்டும் மிஞ்சும். எழுத்தில் இது இப்படி:

```
b_n = (2/L) ∫ y(x) sin(nπx/L) dx     (x = 0 முதல் L வரை)
```

y(x) என்பது முக்கோணத்தின் உயரம், L கம்பியின் நீளம், b_n என்பது n-ஆவது சீரிசையின் கெழு. முன்னால் நிற்கும் 2/L-ஐ மறந்துவிடுவது மாணவர்களின் நித்திய வழக்கம்.

கல்லூரிப் பாடப் புத்தகங்கள் முக்கோணத்தை இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொகையிட்டு, ஒரு பக்கம் முழுக்க உறுப்புகளை அடுக்கி, கடைசியில் பாதிக்கும் மேல் வெட்டிக்கொண்டு போவதைக் காட்டும். விடை சரிதான். ஆனால் அந்த வழியில் போனால் விடை ஏன் அப்படி வந்தது என்று தெரியாது. பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்வது இன்னும் தெளிவான வழி. முதல் முறை செய்யும்போது உயரம் இருந்த இடத்தில் சாய்வு வருகிறது. கம்பியின் இரு முனைகளும் பூஜ்ய உயரத்தில் இருப்பதால் முனைகளில் எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டாவது முறை செய்யும்போது சாய்வு இருந்த இடத்தில் சாய்வின் மாற்றம் வருகிறது. நேர்கோட்டில் சாய்வு மாறுவதே இல்லையே! ஆகவே இரண்டு நேர்த் துண்டுகளும் கணக்கிலிருந்து முழுவதுமாக விழுந்துவிடுகின்றன. சாய்வு மாறும் ஒரே இடம் விரல் இருந்த மடிப்பு. முழுக் கணக்கும் அந்த ஒரு புள்ளியில் வந்து குவிகிறது.

அங்கே நிற்பவை மூன்று. முதலாவது, மடிப்பில் சாய்வு எவ்வளவு தாவுகிறது என்பது. ஒரு பக்கம் 130 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் ஏற்றம், மறுபக்கம் 520 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் இறக்கம்; இரண்டையும் கூட்டினால் 0.0288. இரண்டாவது, மடிப்பு இருக்கும் இடத்தில் n-ஆவது சைனின் உயரம். ஐந்தில் ஒரு பங்கில் மீட்டியதால் இது n × 36 பாகையின் சைன். மூன்றாவது, இரண்டு முறை தொகையிட்டதில் இரண்டு முறையும் ஒரு n கீழே வந்து சேர்ந்ததால் ஏற்படும் 1/n². மற்ற மாறாத எண்களையும் சேர்த்துப் பெருக்கினால் நம் கம்பிக்கு விடை இவ்வளவுதான்:

```
b_n = 3.8 × sin(n × 36°) / n²     மில்லிமீட்டர்
```

இனிக் கால்குலேட்டர் போதும். முதல் சீரிசை 2.23 மில்லிமீட்டர். இரண்டாவது 0.90. மூன்றாவது 0.40. நான்காவது 0.14. ஐந்தாவது பூஜ்யம். ஆறாவது 0.06, ஏழாவது 0.07, எட்டாவது 0.06, ஒன்பதாவது 0.03, இந்த நான்குக்கும் கழித்தல் குறி. பத்தாவது மறுபடியும் பூஜ்யம். கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த அலை தொடக்கத்தில் தலைகீழாக நிற்கிறது என்பதைத் தவிர அதற்குப் பொருள் எதுவும் இல்லை. காதுக்கும் அது தெரியாது.

பட்டியலில் இரண்டு சங்கதிகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 1/n² தரும் சீரான சரிவு. இன்னொன்று, மீட்டிய இடம் தரும் ஏற்ற இறக்கம். அதனால்தான் ஆறாவதைவிட ஏழாவது சற்றுப் பெரிதாக வந்தது. ஐந்தாவது முற்றிலும் காணாமல் போனதற்கும் இடம்தான் காரணம்: ஐந்தாவது வடிவத்துக்கு 13 சென்டிமீட்டரில் ஒரு கணு இருக்கிறது. அசையாத இடத்தைப் பிடித்து இழுத்து அந்த வடிவத்தை ஆட வைக்க முடியாது. 1800-இல் தாமஸ் யங் இதைக் கவனித்துச் சொன்னார்: மீட்டும் புள்ளியில் எந்தச் சீரிசைக்குக் கணு இருக்கிறதோ, அது ஒலியில் இராது.

கணக்கு சரியா என்று பார்க்க, அலைகளைத் திரும்பக் கூட்டி முக்கோணம் வருகிறதா என்று சோதிக்கலாம். கம்பியின் நட்ட நடுவில் முக்கோணத்தின் உயரம் 1.875 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அங்கே இரட்டைப்படை அலைகளுக்கெல்லாம் கணு; ஒற்றைப்படை அலைகள் மாறி மாறிக் கூட்டலும் கழித்தலுமாக வரும். முதலாவது 2.233, மூன்றாவதைக் கழித்து, ஏழாவதைக் கூட்டி, ஒன்பதாவதைக் கழித்தால் 1.878. முடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை.

மடிப்பில் கதை வேறு. 3 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில், முதல் நான்கு அலைகள் 2.64 வரைதான் ஏற்றிவிடுகின்றன. ஒன்பது அலைகளைக் கூட்டினாலும் 2.81. நேர்த்துண்டுகள் சில அலைகளிலேயே அமைந்துவிடும்போது மடிப்பின் கூர் மட்டும் கடைசிவரை மழுங்கியே நிற்கிறது. மேல் சீரிசைகள் முடிவில்லாமல் தேவைப்படுவது இந்த ஒரு முனையைக் கூர்மையாக்கத்தான். இங்கே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. மடிப்பில் ஒவ்வொரு அலையும் தரும் பங்கு சைனின் வர்க்கமாக வருவதால் ஒருபோதும் கழித்தலாக வராது. கூட்டுத்தொகை கீழிருந்து ஏறி 3-ஐ நெருங்கும், தாண்டாது. உங்கள் கூட்டுத்தொகை 3-ஐத் தாண்டினாலோ, ஐந்தாவது கெழு பூஜ்யமாக வராவிட்டாலோ, கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரிவின் வேகமே வடிவத்தைப் பற்றிய சாட்சி. உயரமே ஓரிடத்தில் அறுந்து தாவினால் கெழுக்கள் 1/n என்று மெதுவாகத்தான் குறையும். உயரம் தொடர்ந்து சாய்வு மட்டும் தாவினால் 1/n². முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டு, இருபதாவது, ஐம்பதாவது கெழுக்கள்கூட 1/n அளவில் நின்றால் எங்கோ தவறு. பெரும்பாலும் ஒரு முனையில் உயரத்தைப் பூஜ்யமாக்க மறந்திருப்பீர்கள்.

இருபது, ஐம்பது என்று தள்ளிப் போய்ப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீட்டும் இடத்தைப் பிரிட்ஜுக்கு அருகே, 3 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால், முதல் சில சீரிசைகளுக்கு மீட்டிய இடத்தில் சைனின் உயரம் ஏறக்குறைய n-க்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். அது ஒரு n-ஐ அடித்துவிடுவதால் சரிவு தொடக்கத்தில் 1/n போலவே தெரியும். ஐந்தாவது சீரிசை, முன்பு பூஜ்யமாக இருந்தது, இப்போது முதலாவதில் 18 சதவீதம். கிட்டார்க்காரர்கள் பிரிட்ஜை ஒட்டி மீட்டி வரவழைக்கும் அந்த உலோகக் குரல் இதுதான். 1/n² சரிவு மறையவில்லை. பத்து, பதினைந்துக்குப் பிறகுதான் முகம் காட்டுகிறது.

நேர்மாறாக, நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் எல்லாமே போய்விடும். அதே 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு முதலாவது 2.43, மூன்றாவது அதில் ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒலி உருண்டையாக, சற்று உள்வாங்கியதுபோல இருக்கும். இதைக் கருவி எதுவும் இல்லாமல் சோதிக்கலாம். நடுவில் மீட்டிவிட்டு, உடனே பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, அதாவது கம்பியின் நடுவில், விரலை மெல்லப் பட்டும்படாமல் வையுங்கள். ஒலி ஏறக்குறைய அப்படியே அடங்கிவிடும். ஒற்றைப்படை அலைகள் எல்லாம் அங்கேதான் பெரிதாக ஆடுகின்றன, விரல் அவற்றைக் கொன்றுவிடுகிறது. இப்போது 13 சென்டிமீட்டரில் மீட்டி அதே இடத்தைத் தொடுங்கள். ஒரு ஸ்தாயி மேலே, 220 ஹெர்ட்ஸில், தெளிவான ஒலி மிஞ்சும். பட்டியலில் 0.90 மில்லிமீட்டர் என்று வந்த இரண்டாவது கெழு அது.

ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே காதில் விழும் ஒலியின் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெல்லிய கம்பி தானாகக் காற்றை அதிகம் அசைப்பதில்லை. அது பிரிட்ஜைத் தள்ளுகிறது, பிரிட்ஜ் மரப்பலகையை ஆட்டுகிறது. பிரிட்ஜில் விழும் விசை, அங்கே கம்பியின் சாய்வைப் பொறுத்தது. n வயிறுகள் கொண்ட அலை அதே உயரத்துக்கு n மடங்கு செங்குத்தாகச் சாய்வதால் ஒவ்வொரு கெழுவையும் n-ஆல் பெருக்க வேண்டும். அப்போது முதல் நான்கும் 2.23, 1.81, 1.20, 0.56 என்று நிற்கும், ஏழாவது 0.52. கம்பியின் அசைவில் ஏழாவது முதலாவதில் முப்பதில் ஒரு பங்குதான். பிரிட்ஜின் விசையில் அது நான்கில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டது. கண்ணுக்கு முக்கோணம் ஏறக்குறைய ஒற்றை சைனாகத் தெரிந்தாலும் ஒலி அவ்வளவு செழுமையாக இருப்பதன் காரணம் இதில் பாதி. மீதியை மரப்பலகை செய்கிறது. அது எந்த அதிர்வெண்ணை விரும்பி எடுத்துக்கொள்கிறது என்பது இந்தக் கணக்குக்கு அப்பாற்பட்டது.

இதுவரை பேசியது, சீரிசை எண் கூடக் கூட வலு எப்படிக் குறைகிறது என்பது. நேரம் போகப் போக ஒலி தேய்வது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. உராய்வற்ற கம்பியில் b_n கெழுக்கள் என்றென்றும் அப்படியே இருக்கும். அங்கே மடிப்பு இரண்டாகப் பிரிந்து, ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் நொடிக்கு 143 மீட்டர் வேகத்தில் ஓடி, முனைகளில் மோதித் திரும்பும். கூர்மை குறையாது, நொடிக்கு 110 முறை தொடக்க முக்கோணம் மீண்டும் மீண்டும் உருவாகும். நிஜக் கம்பியில் காற்றின் உராய்வும் கம்பிக்குள்ளேயே நடக்கும் இழப்பும் பொதுவாக வேகமான அலைகளைத்தான் முதலில் தின்கின்றன. ஆகவே ஓடும் மடிப்புகள் சீக்கிரமே மழுங்குகின்றன. மீட்டிய கணத்தில் பளிச்சென்று இருந்த ஒலி சில நொடிகளில் வெறும் அடிப்படைச் சுரத்தின் முனகலாகிறது.

விரலும் கணிதப் புள்ளியல்ல. சதை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கம்பியை அணைத்துப் பிடித்தால் மடிப்பு அந்த அகலத்துக்கு உருண்டு போகும். முதல் முப்பது சீரிசைகளுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. அறுபதைத் தாண்டும்போது, அதாவது 7,000 ஹெர்ட்ஸ் அருகே, வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். நகத்தாலோ பிளெக்ட்ரத்தாலோ மீட்டினால் கூர் அப்படியே நிற்கும். ஐந்தாவது சீரிசையும் நடைமுறையில் முழுப் பூஜ்யமாக வராது. மீட்டும் இடம் 2 மில்லிமீட்டர் விலகினாலே 0.007 மில்லிமீட்டர் அளவுக்கு அது முளைத்துவிடும். கைப்பேசியில் அலைமாலை காட்டும் செயலியைத் திறந்து வைத்து மீட்டினால், 440-க்கும் 660-க்கும் நடுவே 550 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் தெரியும். முழு வெறுமை தெரியாது. கம்பியின் இரு முனைகளும் கூர்மையான விளிம்பில் உட்கார்ந்திருக்கும்வரை இந்தக் குறைகள் சிறியவை. கணக்கின் எலும்புக்கூடு அப்படியே நிற்கும்.

முனை கூர்மையாக இல்லாவிட்டால்? தம்புராவிலும் வீணையிலும் கம்பி உட்காரும் குதிரை ஒரு விளிம்பல்ல, மெல்ல வளைந்து சரியும் அகன்ற பரப்பு. தம்புராவில் அந்தப் பரப்புக்கும் கம்பிக்கும் இடையே ஜீவாளி என்னும் நூலைச் செருகி, அங்குமிங்கும் நகர்த்திச் சுருதி உயிர்பெறும் இடத்தைத் தேடுவார்கள். கம்பி கீழே இறங்கும்போது பரப்பில் கூடுதல் தூரம் படிகிறது, மேலேறும்போது விலகுகிறது. ஒவ்வொரு அதிர்விலும் அதன் ஆடும் நீளமே கொஞ்சம் மாறிக்கொண்டிருக்கிறது. நாம் போட்ட கணக்கு முழுவதும் நிலையான நீளத்தை நம்பியது. அந்த நிபந்தனையில்தான் சைன் வடிவங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக ஆடும். அது உடைந்தால் ஒரு சீரிசையின் ஆற்றல் இன்னொன்றுக்குக் கசியும்.

கல்கத்தாவில் சி.வி. ராமன் 1921-இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட சிறு கட்டுரை இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஒளிச்சிதறலால் உலகப் புகழ் பெறுவதற்கு முன் அவர் பல ஆண்டுகள் கம்பிகளையும் மத்தளங்களையும் ஆராய்ந்தவர். ஒரு சீரிசையின் கணுவில் சரியாக மீட்டினாலும், தம்புராவிலும் வீணையிலும் அந்தச் சீரிசை வலுவாகவே ஒலிக்கிறது என்று கண்டார் அவர். யங்கின் விதிப்படி அது கேட்கவே கூடாது. நம் பட்டியலில் பூஜ்யம் என்று எழுதிய ஐந்தாவது வரிசையை, அதே ஐந்தில் ஒரு பங்கில் மீட்டிய தம்புராக் கம்பி தானாக நிரப்பிக்கொள்ளும். முக்கோணம் அதைத் தரவில்லை, குதிரை தருகிறது.